மணிக்கு எவ்வளவு, ஓடி எத்தனை மடங்கு, நைட் அலவன்ஸ் எவ்வளவு: மூணு வேலையில எதுக்கு கையெழுத்து போடலாம்?

ஃபேக்டரியில வேலை பாக்குறவங்களும் ஹாஸ்பிடல்ல வேலை பாக்குறவங்களும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்வி ஒண்ணுதான். ஒரு இடத்துல மணிக்கு காசு கூட, ஆனா ஓவர்டைம், அதாவது ஓடி, எப்பவாவதுதான். இன்னொரு இடத்துல மணிக்கு கம்மி, ஆனா ஓடிக்கு ரெண்டு மடங்கு, நைட் அலவன்ஸ் வேற. மூணாவது இடத்துல வாரத்துக்கு நாலே நாள், ஆனா ஒவ்வொரு நாளும் 12 மணி நேரம். எதுக்குப் போறது?

பாதிப் பேர் "ரெண்டு மடங்கு"ங்கிற வார்த்தையைப் பாத்தே முடிவு பண்ணிடறாங்க, அதுலதான் பெரும்பாலும் ஏமாந்து போறது. மடங்குங்கிறது தனியா நிக்கிற ஒரு நம்பர், எதோட மடங்கு, எந்த நிமிஷத்துல இருந்து மடங்கு, இந்த ரெண்டும் தெரியாம அதுக்கு அர்த்தமே கிடையாது. அதனால முதல்ல எதையெல்லாம் வச்சு எடை போடணும்னு பாத்துட்டு அப்புறம் மூணு வேலையையும் ஒண்ணொண்ணா வச்சுப் பாக்கலாம்.

கணக்கு எந்த ஊர் காசுக்கும் பொருந்தணும்னு வெறும் நம்பரா வச்சிருக்கேன். நீங்க உங்க சம்பளத்தைப் போட்டுக்கங்க.

## எதை வச்சு எடை போடறது

### மடங்கு எது மேல?

ஓடிக்கு இத்தனை மடங்குன்னு சட்டம் போடற பழக்கம் ரொம்ப பழசு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919ல போட்ட முதல் ஒப்பந்தத்துலயே ஓடிக்கு குறைஞ்சது ஒண்ணே கால் மடங்கு தரணும்னு இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்கால ஒன்றரை, இந்தியாவுல 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரி சட்டத்தோட 59ஆவது பிரிவுல ரெண்டு, ஜப்பான்ல ஒண்ணே கால்ல ஆரம்பிக்கும்.

ஆனா இந்த மடங்கு வெறும் பேசிக் மேலயா, இல்ல அலவன்ஸும் சேத்தா? இங்கதான் காசு இருக்கு. இந்தியாவோட அந்த 59ஆவது பிரிவு "சாதாரண ஊதியம்"னா பேசிக்கோட அலவன்ஸும் சேந்ததுன்னுதான் சொல்லுச்சு, போனஸும் ஓடிக் காசும் மட்டும் வெளிய. அமெரிக்க சட்டத்துலயும் நைட் ஷிஃப்டுக்கு தர்ற கூடுதல் காசை ஓடி கணக்குல சேத்தே ஆகணும். ஜப்பான்ல வேற முறை, ஓடிக்கு 25 சதவீதம், ராத்திரி 10ல இருந்து காலையில 5 வரைக்கும் 25 சதவீதம், ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா கூட்டி 50. சிங்கப்பூர்ல கணக்கு பேசிக்கை மட்டும் வச்சுதான்.

ஒரே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கங்க. பேசிக் மணிக்கு 90, நைட் அலவன்ஸ் மணிக்கு 25, ராத்திரியில ஓடி பாக்குறீங்க, ரெண்டு மடங்கு. பேசிக் மேல மட்டும் மடங்கு, ஓடி நேரத்துக்கு அலவன்ஸ் இல்லன்னா 180. பேசிக் ரெண்டு மடங்கு, அதுமேல அலவன்ஸ் ஒரு தடவைன்னா 205. ரெண்டையும் கூட்டி ரெண்டு மடங்குன்னா 230. மூணு கம்பெனியும் "ரெண்டு மடங்கு தர்றோம்"னுதான் சொல்லுவாங்க, யாரும் பொய் சொல்லல.

### மாசச் சம்பளத்தை எதால வகுக்குறாங்க?

மாசச் சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு, மணிக் கணக்கு எப்படி வருதுன்னு பாக்கணும். பேசிக் 20,800ன்னு வைங்க. 26 நாள், 8 மணி, அதாவது 208ஆல வகுத்தா மணிக்கு 100. அதையே 30 நாள், 8 மணின்னு 240ஆல வகுத்தா 86.67 தான். சிங்கப்பூர் முறையில வருஷச் சம்பளத்தை 52 வாரம், 44 மணியால வகுப்பாங்க, அப்போ 109 சொச்சம் வரும். மாசா மாசம் கைக்கு வர்ற சம்பளம் மாறவே இல்ல, ஆனா ஓடி மணிக்கு ரெண்டு மடங்குங்கிறது 173ஆவும் இருக்கலாம், 200ஆவும் இருக்கலாம், 218ஆவும் இருக்கலாம். வீக் ஆஃபையும் சேத்து 30ஆல வகுக்குறது நீங்க வேலையே பாக்காத நாளையும் சேத்து வகுக்குறது, அதனாலதான் மணிக்காசு குறையுது.

### ஓடி எப்போ ஆரம்பிக்குது?

ஒரு நாளைக்கு 8 மணியோ 9 மணியோ தாண்டினா ஓடியா, வாரத்துக்கு 40 இல்ல 48 தாண்டினாதானா, இல்ல ரெண்டு வாரம் சேத்து கணக்கா? அமெரிக்காவுல பொதுவா வாரம் 40க்கு மேல, ஆனா ஹாஸ்பிடலுக்குன்னு தனி வழி ஒண்ணு உண்டு, ஊழியர்கிட்ட முன்கூட்டியே பேசி ஒத்துக்கிட்டா 14 நாளுக்கு 80 மணிக்கு மேலயோ ஒரு நாளுக்கு 8 மணிக்கு மேலயோ போனா ஓடி. இந்தியாவோட அந்த 1948 ஃபேக்டரி சட்டத்துல ஒரு நாளைக்கு 9, வாரத்துக்கு 48, ரெண்டுல எதைத் தாண்டினாலும் ஓடின்னு இருந்துச்சு. ஹாஸ்பிடல் வேலைக்கு ஃபேக்டரி சட்டம் பொருந்தாத ஊர் நிறைய, அதனால நர்ஸு, லேப் டெக்னீஷியன், வார்டு பாய் எல்லாம் "பக்கத்து ஃபேக்டரியில ரெண்டு மடங்கு தர்றான், நமக்கும் வரும்"னு நினைச்சுட்டு சேரக் கூடாது, எந்த சட்டம் தனக்குப் பொருந்தும்னு கேட்டுக்கணும்.

### அலவன்ஸ் எந்த ரூபத்துல?

சதவீதமா, மணிக்கு இவ்வளவா, ஷிஃப்டுக்கு இவ்வளவா? சதவீதம்னா இன்க்ரிமென்ட் வரும்போது கூடவே ஏறும். நம்பரா வச்சா அப்படியே உக்காந்துக்கும். பேசிக் 90ஆ இருக்கும்போது 25ங்கிறது 28 சதவீதம் கிட்ட, பேசிக் 120 ஆகும்போது அதே 25 வெறும் 21 சதவீதம். அப்புறம் லீவ்ல இருக்கும்போது அலவன்ஸ் வராது, பி.எஃப்., கிராஜுவிட்டி மாதிரி விஷயத்துக்கு பல இடத்துல அதை சேக்கறதும் இல்ல.

## மூணு வேலை, ஒரே மேசையில

| | பகல் வேலை | சுத்து ஷிஃப்ட் | 12 மணி ஷிஃப்ட் |
|---|---|---|---|
| மணிக்கு பேசிக் | 110 | 90 | 100 |
| வாரம் | 6 நாள், 8 மணி | 6 நாள், 8 மணி | 4 நாள், 12 மணி |
| ஓடி மடங்கு | 1.5 | 2 | 2 |
| ஓடி எவ்வளவு | எப்பவாவது | வாரம் 8 மணி "கிடைக்கும்" | எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு தெளிவா இல்ல |
| நைட் | இல்ல | 3 வாரத்துல 1 வாரம், மணிக்கு 25 | பாதி ஷிஃப்ட் நைட், ஷிஃப்டுக்கு 150 |

காலை, மதியம், நைட்னு ஒரு சுத்து முடிய மூணு வாரம் ஆகும், அதனால மாசமா பாக்காம மூணு வாரமா பாக்கறேன். மூணு வேலையிலயும் மூணு வாரத்துக்கு சாதாரண நேரம் 144 மணி, அது நல்லதாப் போச்சு, ஒண்ணோட ஒண்ணு நேரடியா வச்சுப் பாக்கலாம்.

## பகல் வேலை: மணிக்கு கூட, ஓடி எப்பவாவது

144 மணி, 110 வீதம், 15,840. இதுல ஒளிஞ்சிருக்கிற கணக்கே இல்ல, இதோட பெரிய பலம் அதுதான். ஒரு நாள் சம்பளத்தோட லீவ் எடுத்தா 880 அப்படியே வரும், பி.எஃப். மாதிரி பிடித்தம் இருந்தா அதுவும் முழு 110 மேல.

எல்லாரும் இதை ஒதுக்கறது அந்த 1.5ஐப் பாத்துதான். அவசரப்படாதீங்க. 110ல ஒன்றரை 165. சுத்து ஷிஃப்ட்ல 90ல ரெண்டு மடங்கு 180. ஓடி மணிக்கு வித்தியாசம் 15 தான், ஆனா சாதாரண மணிக்கு வித்தியாசம் 20, சாதாரண மணிதான் மூணு வாரத்துல 144 வருது. நைட் அலவன்ஸையும் சேத்துப் பாத்தாலும் சுத்து ஷிஃப்ட் 14,160லதான் நிக்குது, 1,680 பின்னாடி. ஓடி மணிக்கு 15, 15ஆ ஏறி அந்த 1,680ஐப் பிடிக்கணும்னா ரெண்டு இடத்துலயும் மூணு வாரத்துல 112 மணி ஓடி பாத்தாகணும், அதாவது வாரத்துக்கு 37 மணிக்கு மேல, சாதாரண 48 போக. மனுஷனால முடியாது, பல ஊர்ல சட்டமும் விடாது. சுருக்கமா, ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு ஓடி கிடைக்கும்னா ஒன்றரை மடங்கு தர்ற பகல் வேலைதான் ஜெயிக்குது, ராத்திரி முழிக்காமலே.

குறை என்னன்னா ஓடி உங்க கையில இல்ல. அவசரமா பணம் தேவைப்பட்டா கூடுதலா உழைச்சு சம்பாதிக்கலாம்னு பாத்தா வாய்ப்பு கிடைக்காம போகலாம். இன்னொண்ணு, ஹாஸ்பிடல்ல "பகல்"னு சேத்துட்டு ஆள் பத்தாதப்போ நைட்டுக்கு கூப்பிடுவாங்க, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல நைட் அலவன்ஸ் பத்தி ஒரு வரி கூட இல்லன்னா "உங்களுக்கு அது பொருந்தாது"ன்னு சொல்ல அவங்களுக்கு வசதியாப் போயிடும். பகல் வேலைக்கே சேர்ந்தாலும் நைட்டுக்கு கூப்பிட்டா என்ன தருவீங்கன்னு எழுதி வாங்கிக்கறது நல்லது.

குழந்தை சின்னதா இருக்கவங்க, வீட்டுல ஒருத்தர் ஏற்கனவே நைட் பாக்கறவங்க, மாசம் பிறந்தா நிலையா கட்ட வேண்டிய தவணை இருக்கவங்க, இவங்களுக்கெல்லாம் இதுதான் சரி. தவணை விஷயத்துல ரொம்ப கண்டிப்பா சொல்றேன், ஓடியை நம்பி தவணை போடாதீங்க. ஆர்டர் குறைஞ்சா ஃபேக்டரியில முதல்ல வெட்டறது ஓடியைத்தான், ஹாஸ்பிடல்ல புதுசா நாலு பேரை எடுத்தா அன்னையோட டபுள் ட்யூட்டி நின்னு போயிடும்.

## சுத்து ஷிஃப்ட்: பேசிக் கம்மி, ரெண்டு மடங்கு ஓடி

ஓடி இல்லாம பாத்தா 144 மணிக்கு 12,960, நைட் வாரத்துல 48 மணிக்கு 25 வீதம் 1,200, ஆக 14,160. சொன்ன மாதிரியே வாரம் 8 மணி ஓடி வந்தா 24 மணிக்கு 180 வீதம் 4,320 சேந்து 18,480.

18,480 வர்றது பகல் வேலையோட 15,840ஐ விட 2,640 கூட, பாத்ததும் இதுதான் பெருசுன்னு தோணும். ஆனா நீங்க உழைச்சது 168 மணி. 18,480ஐ 168ஆல வகுங்க, சரியா 110 வருது. பகல் வேலையில சும்மா முதல் மணியில இருந்தே கிடைக்கிற அதே 110! ஒரு வாரம் ராத்திரி முழுக்க முழிச்சு, அதுக்கு மேல 24 மணி கூடுதலா நின்னு, ரெண்டு மடங்கும் வாங்கி, அதுக்கப்புறம்தான் பகல்காரரோட மணிக்கூலியை எட்டிப் பிடிக்கிறீங்க. ஓடி வராத மூணு வாரத்துல உங்க மணிக்கூலி 98 தான்.

இதுல மறைஞ்சிருக்கிற செலவுல முக்கியமானது லீவ் வாரம். ஓடியை வாரக் கணக்குல பாக்குற இடத்துல இப்படித்தான் நடக்கும்: புதன்கிழமை சம்பளத்தோட லீவ் எடுக்கறீங்க, ஞாயித்துக்கிழமை ஆள் இல்லன்னு சூப்பர்வைசர் கூப்பிடறார், வீக் ஆஃப்லதானே வர்றோம் ரெண்டு மடங்கு வரும்னு போறீங்க. மாசக் கடைசியில ஸ்லிப்ல அந்த 8 மணிக்கு 1,440 வரும்னு பாத்தா 720 தான் இருக்கு. கேட்டா, "அந்த வாரம் நீங்க நிஜமா வேலை பாத்தது 48 மணிதான், லீவ் நாள் வேலை நேரத்துல சேராது"ங்கறாங்க. வாரக் கணக்கு மட்டும் பாக்குற இடத்துல அவங்க சொல்றது கணக்குப்படி சரி. அதனால ஞாயித்துக்கிழமை போறதுக்கு முன்னாடி அந்த வாரத்துல லீவ் எதுவும் இருந்துச்சான்னு ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டு சரின்னு சொல்லுங்க. வீக் ஆஃப் வேலைக்குன்னு தனி மடங்கு ஆர்டர்ல இருந்தா இந்தப் பிரச்சனை இல்ல.

அடுத்தது காம்ப் ஆஃப். ஓடிக்கு காசு இல்ல, பதிலுக்கு ஒரு நாள் லீவ் எடுத்துக்கன்னு சொல்றது. 8 மணி ஓடிக்கு ரெண்டு மடங்குன்னா 16 மணி நேர சம்பளம், காம்ப் ஆஃப்ல கிடைக்கிறது 8 மணி லீவ். பாதி போச்சு. காம்ப் ஆஃப் தர்றதா இருந்தா ஓடி மடங்கு கணக்குலயே, 8 மணிக்கு ரெண்டு நாள்னு தரணும், அப்படித் தராத இடத்துல "ரெண்டு மடங்கு"ங்கிறது பேப்பர்ல இருக்கிற எழுத்து மட்டும்தான்.

மதிய ஷிஃப்டையும் மறந்துடக் கூடாது. ராத்திரி 10 மணிக்கு முடிஞ்சு வீடு வந்து சேரும்போது ஊரே தூங்கியிருக்கும், ஆனா அலவன்ஸ் பெரும்பாலும் 10 மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும். ஆக சுத்து ஷிஃப்ட்ல மூணுல ரெண்டு வாரம் உங்க வீட்டு நேரத்தைக் கெடுக்குது, காசு தர்றது ஒரு வாரத்துக்கு.

அப்போ இது யாருக்கு? கொஞ்ச நாள் கடுமையா உழைச்சு ஒரு தொகை சேக்கணும்னு தெளிவா இருக்கவங்களுக்கு, பகல் வேலையில ஓடியே கிடைக்காதுன்னு உறுதியா தெரிஞ்சவங்களுக்கு. பகல்ல ஓடி பூஜ்யம்னா, இங்க மூணு வாரத்துல ஒம்பதரை மணி ஓடி வந்தாலே பகல் வேலையோட மொத்தத்தைத் தாண்டிடும், வாரத்துக்கு மூணு மணி சொச்சம்தான். அதோட மடங்கு அலவன்ஸையும் சேத்துன்னு ஆர்டர்ல எழுதியிருந்தா நைட் ஓடி மணிக்கு 230 வரும், அப்போ கணக்கு நல்லாவே மாறும். ஆனா சேர்றதுக்கு முன்னாடி அங்க ஏற்கனவே இருக்கவங்ககிட்ட போன ஆறு மாச ஸ்லிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்க, "வாரம் 8 மணி"ங்கிறது எல்லா மாசமும் வந்துச்சா, இல்ல சீசன்ல மட்டும் வந்துச்சான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

## 12 மணி ஷிஃப்ட்: நாலு நாள் வேலை, மூணு நாள் லீவ்

இது பெரும்பாலும் ஹாஸ்பிடல் வார்டுலயும் ஐசியூலயும் வர்றது, இப்போ மெஷின் நிக்காம ஓடற ஃபேக்டரியிலயும் நிறைய வந்துடுச்சு. மூணு வாரத்துல 12 ஷிஃப்ட், 144 மணி, 14,400. பாதி நைட், ஆறு ஷிஃப்டுக்கு 150 வீதம் 900. ஆக 15,300.

இங்க மொத்த முடிவும் ஒரே ஒரு வரியில தொங்குது, ஓடி எந்த இடத்துல ஆரம்பிக்குது. வாரத்துக்கு 48 தாண்டினாதான் ஓடின்னா, நாலு பன்னெண்டு 48, ஒரு நிமிஷம் கூட ஓடி வராது, 15,300 தான். ஒரு நாளுக்கு 8 மணிக்கு மேல ஓடின்னா ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் 4 மணி ஓடி, மூணு வாரத்துல 48 மணி, அதுக்கெல்லாம் இன்னொரு 100 சேரும், 4,800 கூடி மொத்தம் 20,100. அதே ரோஸ்டர், அதே வார்டு, அதே ஆள். பகல் வேலையை விட கொஞ்சம் கம்மியா இருந்தது மூணுலயும் பெரிய சம்பளமா மாறிடுது.

அதனால இன்டர்வியூல இதை நேராவே கேக்கணும். இப்படித்தான் பேச்சு போகும்:

"மேடம், 12 மணி ட்யூட்டியில கடைசி நாலு மணி ஓடியில வருமா?"

"சிஸ்டர், அதெல்லாம் சேத்துதான் கன்சாலிடேட்டடா குடுக்கறோம்."

"அப்போ பேசிக் எவ்வளவு, ஓடி எவ்வளவுன்னு ஆர்டர்ல பிரிச்சு போட்டுக் குடுங்க மேடம்."

கன்சாலிடேட்டட்ங்கிற வார்த்தை வந்தா உடனே பிரிச்சுக் கேளுங்க. பிரிச்சுக் காட்டலன்னா ஓடி உள்ள இருக்கா இல்லையான்னே யாராலயும் சொல்ல முடியாது, நாளைக்கு 13ஆவது மணி, 14ஆவது மணி நின்னாலும் "அதுலயே அடங்கிடுச்சு"ம்பாங்க.

நைட் அலவன்ஸையும் மணியா மாத்திப் பாருங்க. 150ங்கிறது 25ஐ விட பெருசா தெரியும், ஆனா 12 மணிக்கு 150ன்னா மணிக்கு பன்னெண்டரைதான். சுத்து ஷிஃப்ட்ல 8 மணி நைட்டுக்கே 200 வருது. நீளமான ராத்திரிக்கு கம்மி காசு!

அடுத்து ப்ரேக். 12 மணியில ஒரு மணி சாப்பாட்டு நேரம்னு கழிச்சுட்டா சம்பளம் 11 மணிக்குதான். மூணு வாரத்துல 12 மணி போகும், 1,200 குறைஞ்சு 14,100 ஆயிடும், மூணுலயும் கடைசி. நிஜமா வார்டை இன்னொருத்தர் பாத்துக்க நீங்க போய் உக்காந்து சாப்பிட்டா அது ப்ரேக். ஃபோனை கையில வச்சுக்கிட்டு, மானிட்டர் சத்தம் கேட்டா எழுந்து ஓடற மாதிரி சாப்பிட்டா அது வேலை நேரம்தான், அதைக் கழிக்கக் கூடாதுன்னு கேக்கலாம். அமெரிக்க விதியிலயும் வேலையில இருந்து முழுசா விடுவிச்சாதான் சாப்பாட்டு நேரத்தைக் கழிக்க முடியும்.

ஹேண்ட்ஓவர்தான் நர்ஸுங்க அதிகமா இழக்கற இடம். ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்தவங்ககிட்ட ஒவ்வொரு பேஷன்டா சொல்லி, ட்ரிப் எவ்வளவு போயிருக்கு, அடுத்த மருந்து எப்போ, எல்லாம் ஒப்படைச்சுட்டு பஞ்ச் பண்ணும்போது அரை மணி ஆயிருக்கும். 12 ஷிஃப்டுக்கு 6 மணி. அதை ஓடியா போட்டா 1,200 வரணும், பெரும்பாலான ரோஸ்டர்ல அது இருக்கிறதே இல்ல. சில இடத்துல மெஷின் நேரத்தை 15 நிமிஷமா ரவுண்டு பண்ணும், அதுவும் உங்களுக்கு பாதகமா மட்டும் ரவுண்டு ஆகுதான்னு பாக்கணும். 8:12க்கு வெளிய வந்ததை 8:00ன்னு போட்டு, 8:03க்கு உள்ள வந்ததை 8:15ன்னு போட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரு ரெண்டு வாரம் பஞ்ச் பண்ணும்போதெல்லாம் நேரத்தை ஃபோன்ல குறிச்சு வச்சுட்டு ஸ்லிப்போட வச்சுப் பாத்தா எங்க கழியுதுன்னு பிடிபட்டுடும்.

இதோட நல்ல பக்கமும் நிஜமானதுதான். மூணு வாரத்துல 18 தடவை போய் வர்றதுக்கு பதிலா 12 தடவை. போக வர ஒன்றரை மணி ஆகற தூரம்னா 9 மணி மிச்சம். வாரத்துக்கு முழுசா மூணு நாள் கையில இருக்கு. ஊர் விட்டு வந்து தங்கி வேலை பாக்குறவங்க, மேல படிக்கிறவங்க, வீட்டுல வயசானவங்களைப் பாத்துக்கறவங்க, இவங்களுக்கு அந்த மூணு நாள் காசை விட பெருசு. ஆனா அந்த மூணு நாள்ல இன்னொரு ஹாஸ்பிடல்ல ட்யூட்டி எடுக்கறவங்க, தயவு செஞ்சு யோசிங்க. 12 மணி நைட் முடிச்ச உடம்போட ஊசி மருந்து அளக்கறதும் பிரஸ் மெஷின் முன்னாடி நிக்கறதும் காசுல ஈடு கட்ட முடியாத ஆபத்து.

## மூணையும் பக்கத்துல வச்சா

| மூணு வாரத்துக்கு | பகல் வேலை | சுத்து ஷிஃப்ட் | 12 மணி ஷிஃப்ட் |
|---|---|---|---|
| ஓடி இல்லாம | 15,840 | 14,160 | 15,300 |
| சொன்ன ஓடியோட | 15,840 | 18,480 | 20,100 (நாளுக்கு 8 மணிக்கு மேல ஓடின்னா மட்டும்) |
| உழைக்கிற மணி | 144 | 144 / 168 | 144 |
| மணிக்கு சராசரி | 110 | 98 / 110 | 106 / 140 |
| லீவ் நாள் சம்பளம் | 880 | 720 | 1,200 (12 மணி நாளுக்கு) |

என்னோட அபிப்பிராயத்தை நேராவே சொல்லிடறேன். ஓடி ஒரு நாளுக்கு 8 மணிக்கு மேலன்னு ஆர்டர்ல எழுத்தா இருந்தா, உடம்பு தாங்கும்னா, 12 மணி ஷிஃப்ட். அது எழுத்துல இல்லன்னா பகல் வேலை, ரெண்டாவது யோசனையே வேண்டாம். சுத்து ஷிஃப்ட் இந்த மூணுல கடைசிதான், ஆறு மாச ஸ்லிப்பைப் பாத்து ஓடி நிஜமா வருதுன்னு தெரிஞ்சு, ஒரு கெடு வச்சுக்கிட்டு போறவங்களுக்கு மட்டும்.

கெடு வைக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு நைட் ஷிஃப்ட் வேலையை "அநேகமா புற்றுநோய் உண்டாக்கக்கூடியது"ங்கிற 2ஏ பிரிவுல 2007லயே வச்சாங்க, 2019ல திரும்ப ஆராய்ஞ்சும் அதே பிரிவுலதான் வச்சாங்க. ஒரு வருஷம் நைட் பாத்தா என்ன ஆகும்னு பயமுறுத்த இதைச் சொல்லல. ஆனா மணிக்கு 25ஐ வாங்கிக்கிட்டு பத்து பதினஞ்சு வருஷம் அப்படியே ஓட்டறவங்க நிறைய பேர், 25க்கு அந்த விலை சரியான்னு ஒரு தடவை உக்காந்து யோசிக்கணும்.

உங்க ஆஃபர் இந்த மூணுல எதோடயும் சரியா பொருந்தலன்னா ஹெச்ஆர்கிட்ட வாயால கேக்காம மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ இதை மட்டும் எழுதிக் கேளுங்க: "ராத்திரி 2 மணிக்கு, என்னோட வீக் ஆஃப் நாள்ல, ஒரு மணி நேரம் ஓடி பாத்தா அந்த ஒரு மணிக்கு எனக்கு எவ்வளவு வரும், கணக்கு போட்டுக் காட்டுங்க." மடங்கு எது மேல, எதால வகுக்குறாங்க, அலவன்ஸ் சேருமா, வீக் ஆஃபுக்கு தனியா உண்டா, நாலுக்கும் பதில் அந்த ஒரு கணக்குலயே வந்துடும். பதில்ல நம்பர் இல்லாம "கம்பெனி ரூல் படி"ன்னு மட்டும் வந்தா 180ன்னு வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, 230ன்னு வச்சுக்காதீங்க.